வர்ற காசுக்கு பின் நம்பர் எதுக்கு?

கேள்வி: அண்ணாச்சி, பத்தமடையில் பாய் நெய்கிற எங்கள் மகளிர் குழுவில் ஒரு அக்கா ஃபோனில் பணத்தை விட்டுவிட்டார். "எச்சரிக்கை! இணைய மோசடியில் சிக்காதீர்!" என்று ஃப்ளெக்ஸ் வைத்தோம். இப்போது பாதிப் பேர் ஜிபேயே வேண்டாம் என்கிறார்கள். வேறு என்ன எழுதலாம்?

முதலில் அந்த ஃப்ளெக்ஸை இறக்கிவிடுங்கள். பயப்படு என்கிறதே தவிர, எந்த நேரத்தில் கை என்ன செய்யணும் என்பது அதில் இல்லை. திருடனும் "உடனே செய்யலேன்னா அக்கவுண்ட் முடங்கிடும்" என்று இதே தொனியில்தான் பேசுகிறான், ஏற்கெனவே பதறிப்போன ஆளிடம் அவனுக்குப் பாதி வேலை மிச்சம்.

அந்த அக்காவுக்கு அநேகமாக இப்படித்தான் நடந்திருக்கும். வெளியூர்க்காரர் ஒருத்தர் நாலு பாய் கேட்டு, 2,000 ரூபாய் அட்வான்ஸ் என்று வாட்ஸ்அப்பில் க்யூஆர் படம் அனுப்பி, "ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, காசு ஏறிடும்" என்றிருப்பார். போட்டதும் காசு இவர் கணக்கிலிருந்து அவருக்குப் போயிருக்கும். யுபிஐயில் ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுவது காசு கொடுக்கிறவர் வேலை, வாங்குகிறவர் சும்மா இருந்தாலே காசு வந்துவிடும். ஆகவே ஏமாறுகிற நொடி என்பது பின் நம்பர் கேட்கும் அந்த நொடிதான், வாசகமும் அங்கேதான் போய் நிற்க வேண்டும்:

"வர்ற காசுக்கு பின் நம்பர் கிடையாது. கேட்டா ஃபோனை வை."

வெறும் "பின்" என்று சுருக்காதீர்கள். "பின் கேட்டால்" என்பதைத் தமிழில் வாசித்தால் "அப்புறம் கேட்டால்" என்றுதான் காதில் விழும், அதனால் "நம்பர்" கட்டாயம் இருக்கணும். அப்புறம் "பின் நம்பர் போட்டால் காசு போகும்" என்றும் எழுத வேண்டாம், ஏனென்றால் பேலன்ஸ் பார்க்கவும் பின் நம்பர் கேட்கும். அதைப் போட்டுக் காசு போகவில்லை என்று ஒரு தடவை கண்டுவிட்டால், உங்கள் வாசகத்தை அடுத்த தடவை யாரும் நம்ப மாட்டார்கள். "வர்ற காசுக்கு" என்ற ரெண்டு சொல்தான் அதைக் காப்பாற்றுகிறது.

காசு போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழைக்கணும், எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு. ஆனால் அது வேறு வேலை, வேறு தாளில் எழுதுங்கள். ஒரே போர்டில் ரெண்டையும் போட்டால் ரெண்டுமே மனதில் நிற்காது.

இந்த வாசகம் எல்லா மோசடிக்கும் ஆகாது. போலி ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிச் சரக்கை எடுத்துப் போகிறவனிடம் இது செல்லாது. அதற்கு "பேலன்ஸ் ஏறின பிறகு பாயைக் கொடு" என்று தனியாக, பாய் கட்டுகிற இடத்தில் ஒட்டுங்கள்.

அச்சடிக்கும் முன் தறியில் இருக்கும் மூணு பேரிடம் வாசகத்தை ஒரு தடவை சொல்லிவிட்டு, மறுநாள் போய், "ஒருத்தர் காசு அனுப்புறேன்னு பின் நம்பர் போடச் சொன்னா என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். "ஜாக்கிரதையா இருப்பேன்" என்றால் இன்னும் திருத்தணும். "வச்சிருவேன்" என்று பட்டென்று வந்தால் பிரஸ்ஸுக்குக் கொடுத்துவிடலாம்.