மாவு பாக்கெட்டும் 38 பொய்ப் படிவங்களும்

"குழுவாகச் செய்யும் மார்க்கெட்டிங் ப்ராஜெக்டால் உண்மையில் ஏதாவது கற்றுக்கொண்டீர்களா? எங்கள் குழுவில் ஒருவன் வேலையே செய்வதில்லை."

எங்கள் குழுவிலும் அப்படி ஒருவன் இருந்தான்; அவனைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். உங்கள் குழுவும் எங்களைப் போலவே வேலையைப் பங்கு போட்டிருக்கும் என்று நினைக்கிறேன். கேள்விகளை ஒருவர் எழுதுவார், படிவம் நிரப்பி வாங்க இருவர், வரைபடம் போட ஒருவர், அறிக்கைக்கு ஒருவர். எங்கள் குழுவில் அப்படிப் பிரித்துக் கொடுத்தது தலைவியான நான்தான். எல்லாத் தவறும் அங்கிருந்துதான் தொடங்கியது.

நான் எம்.பி.ஏ. முதலாண்டு படித்தபோது, இட்லி மாவு பாக்கெட்டுக்கு எங்கள் ஊரில் சந்தை இருக்கிறதா என்பதை எடுத்துக்கொண்டோம். கூகுள் படிவத்தில் 214 பதில்கள் வந்தன. "சுத்தமான, ரசாயனம் கலக்காத மாவு நியாயமான விலையில் கிடைத்தால் வாங்குவீர்களா?" என்ற கேள்விக்கு 171 பேர் ஆம் என்றார்கள். ஏறக்குறைய 80 சதவீதம். கொண்டாடினோம். அந்தக் கேள்விக்கு இல்லை என்று யார்தான் சொல்வார்கள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எழுதியவள் களத்துக்குப் போகவில்லை. களத்துக்குப் போனவர்கள் கேள்வியை எழுதவில்லை.

அறிக்கை கொடுப்பதற்குப் பத்து நாள் முன்பு, வரைபடம் போட்ட தோழி பதில்களை நேர வரிசையில் அடுக்கிப் பார்த்தாள். 38 பதில்கள் நள்ளிரவு தாண்டிப் பன்னிரண்டு நிமிடங்களுக்குள் வந்திருந்தன. ஐந்துக்கு எத்தனை என்று மதிப்பிடச் சொன்ன எல்லா இடத்திலும் நான்கு. ஒரே ஆள் உட்கார்ந்து நிரப்பியது. அவற்றை நீக்கினோம். மிச்சம் 176. அதில் 121 பேர் விடுதி மாணவர்கள். அடுப்பே இல்லாதவர்களிடம் மாவு வாங்குவீர்களா என்று கேட்டிருக்கிறோம். வீட்டில் சமைப்பவர்கள் 55 பேர்தான் தேறினார்கள்.

எண்ணிக்கை இருந்தால் போதும் என்பவர்கள் 1936ஆம் ஆண்டின் அமெரிக்க அதிபர் தேர்தலைப் படிக்க வேண்டும். யாருக்கு ஓட்டு என்று கேட்டு லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை அனுப்பிய அட்டைகளுக்கு ஏறத்தாழ 24 லட்சம் பதில்கள் திரும்பி வந்தன. அதிபர் ரூஸ்வெல்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்று அது சொன்னது. 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் வென்றார். தொலைபேசிப் பட்டியலிலும் கார் வைத்திருப்போர் பட்டியலிலும் பெயர் எடுத்தால், அந்தப் பொருளாதார மந்தக் காலத்தில் வசதியானவர்களின் குரல்தான் கூடுதலாகக் கேட்கும். பதில் அனுப்ப மெனக்கெட்டவர்களும் ஒரு சாராராகவே இருந்தார்கள். எங்கள் விடுதிக் கணக்கும் இதே கோளாறுதான்.

பிறகு ஐந்து பேரும் சேர்ந்து, ஒரு மளிகைக் கடையில் இரண்டு மாலைகள், ஐந்தரை முதல் எட்டு வரை நின்றோம். ஒருவர் பார்க்க, ஒருவர் எழுத, இடம் மாறிக்கொண்டோம். குளிர்பெட்டியைத் திறந்த ஒரு அம்மா நான்கு பாக்கெட்டுகளைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். உப்பியவற்றை ஒதுக்கினார். தட்டையாக இருந்த ஒன்றின் ஓரத்தை முகர்ந்துவிட்டு, "நாளைக் காலை வரை புளிக்காமல் இருக்குமா?" என்று கேட்டார். மாவு புளிக்கும்போது வரும் வாயுதான் பாக்கெட்டை உப்பவைக்கிறது. அவர் கை அதைப் படித்தது. எங்கள் படிவத்தில் விலை, விளம்பரம், பெயர் எல்லாம் இருந்தன. புளிப்பைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை.

அன்றிரவே எல்லோரும் உட்கார்ந்து கேள்விகளை மாற்றினோம். "வாங்குவீர்களா" என்பதை எடுத்துவிட்டு, "கடைசியாக எப்போது மாவு வாங்கினீர்கள், எங்கே, எவ்வளவு?" என்று கேட்டோம். அந்த 55 பேரையும் திரும்பப் பிடித்ததில், முந்தைய வாரம் பாக்கெட் வாங்கியவர்கள் 19 பேர். மற்றவர்களில் பாதிக்கு மேல் தெருவில் அரைத்து விற்பவரிடம் பாத்திரம் கொண்டுபோய் வாங்குகிறவர்கள். 19 பேரை வைத்து ஊருக்கே முடிவு சொல்ல முடியாது என்பது எனக்கும் தெரியும். பின்னூட்டத்தில் அதைச் சொல்ல வருகிறவர்களுக்காக இதை முன்கூட்டியே எழுதுகிறேன். ஆனால் யாரோடு போட்டி என்பது அதில் தெரிந்தது. இன்னொரு நிறுவனத்தோடு அல்ல, பக்கத்து வீட்டு கிரைண்டரோடு.

அறிக்கைக்கான வாய்மொழித் தேர்வில் இதையெல்லாம் யாரும் கேட்கவில்லை. பக்க ஓரம் எத்தனை அங்குலம், ஏன் நூறு பக்கம் இல்லை என்றுதான் கேட்டார்கள். கெட்டி அட்டை, தங்க எழுத்து, ஐந்து பிரதி என்று மாணவர்களிடம் வாங்க வைக்கும் செலவைப் பற்றி ஒருநாள் தனியாகவே எழுத வேண்டும். அந்தப் பணத்தில் இன்னும் நான்கு கடைகளுக்குப் போய் வந்திருக்கலாம்.

இனி எங்கள் குழுவின் அந்த ஒருவன். 38 படிவங்களையும் நிரப்பியவன் அவன்தான். கூட்டத்துக்கு வராததால் சோம்பேறி என்று நாங்களே முடிவு கட்டியிருந்தோம். ஆளுக்கு இத்தனை படிவம் என்று கணக்கு வைத்தது நான்; அவன் மாலையில் என்ன செய்கிறான் என்று ஒருமுறையும் கேட்டதில்லை. கல்லூரி முடிந்ததும் மாமாவின் மளிகைக் கடையில் இரவு ஒன்பது வரை நிற்கிறவன். நாங்கள் நின்றது அந்தக் கடையில்தான். பொய்ப் பதில் போட்டது தவறு என்று அவனே ஒப்புக்கொண்டான். அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் வாங்க வந்த பெண்கள் என்னிடம் ஒரு வார்த்தையில் பதில் சொன்னார்கள். அவனிடம் நின்று பேசினார்கள். அறிக்கையில் பயன்பட்ட குறிப்புகளில் பெரும்பாலானவை அவன் கையெழுத்தில் இருந்தவை.