மைல்கல் மஞ்சளாக இருந்தால் 100-ல் போகலாமா? சாலை வேகம் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: மஞ்சள் மைல்கல் இருந்தால் 100, பச்சை இருந்தால் 80, கிராமச் சாலையில் 40. இதுதானே சட்டம்?

பதில்: கல்லின் நிறம் சரிதான். மஞ்சள் தேசிய நெடுஞ்சாலை, பச்சை மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு கிராமச் சாலை. ஆனால் சாலை யாருடையது என்பதைத்தான் அது சொல்கிறது, வேகத்தை இல்லை. 2018 ஏப்ரலில் ஒன்றிய அரசு அறிவிக்கையாக வெளியிட்ட வேக வரம்பு அட்டவணை சாலையின் அமைப்பைப் பார்த்தது. நடுவில் தடுப்போடு நான்கு வழி இருந்தால் காருக்கு 100. நகராட்சி எல்லைக்குள் 70, மற்ற சாலைகளிலும் 70. ஆகவே தடுப்பில்லாத இருவழித் தேசிய நெடுஞ்சாலையில் 100 கிடையாது. பைக்குக்கு இவை 80, 60, 60.

கேள்வி: அந்த அறிவிக்கையை உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டதே?

பதில்: ஆமாம், 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதனால் அட்டவணையை மனப்பாடம் செய்துகொண்டு வாதாடுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. அது உச்சவரம்பு மட்டுமே. மாநில அரசு அதைக் குறைக்கலாம். சென்னை மாநகரில் 2023-ல் காருக்கு 60, பைக்குக்கு 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருவில் எல்லோருக்கும் 30 என்று குறைத்தார்கள். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு வட்டப் பலகையை நம்புங்கள்.

கேள்வி: எனக்கு பைபாஸில் 82-க்கு அபராதம் வந்தது. நான்கு வழிச் சாலைதான், தடுப்பும் இருக்கிறது. போலீஸ் குத்துமதிப்பாகப் போட்டிருப்பார்களோ?

பதில்: கண்ணால் பார்த்து மட்டும் வேக வழக்கில் தண்டிக்க முடியாது, கருவியின் அளவு வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 183-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. உங்கள் சிக்கல் வேறு. அந்த பைபாஸ் நகராட்சி எல்லைக்குள் வந்தால் 2018 அட்டவணையின் 100, 70 இரண்டு வரிசையும் அதற்குப் பொருந்தும். எது மேலோங்கும் என்று அட்டவணையில் தெளிவில்லை, இது எனக்கும் உறுத்துகிற இடம். ஆனால் வழியில் 60 என்ற பலகையைத் தாண்டி வந்திருந்தால் குழப்பமே இல்லை: 82 என்பது 22 கூடுதல். பலகையின் எண் அடுத்த எண் வரும்வரை, அல்லது வெள்ளை வட்டத்தில் கறுப்புச் சாய்கோடு வரும்வரை நடப்பில் இருக்கும். பள்ளிக்கு அருகே பலகை இருந்தால், பள்ளியைத் தாண்டியதுமே அதன் வரம்பு முடிந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். அபராதச் சீட்டில் உள்ள இடத்துக்குப் போய், அதற்கு முந்தைய பலகை எது என்று பாருங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்ச் சாலையில் பலகையே இல்லை. 70-ல் போகலாமா அண்ணே?

பதில்: கூடாது தம்பி. வளைவும் ஆடுமாடும் உள்ள ஒற்றைத் தடத்தில் 70-ல் போய் யார்மீதாவது மோதினால், வரம்புக்குள் இருந்தேன் என்பது உங்களைக் காப்பாற்றாது. ஆபத்தாக ஓட்டுவதற்கு 184-வது பிரிவு தனியாக இருக்கிறது.

கேள்வி: வலது பக்கம் வருபவருக்குத்தான் வழி. கிராமச் சாலையிலிருந்து ஹைவேயில் ஏறும்போதும் அதேதானே?

பதில்: அது சம அந்தஸ்துள்ள, சிக்னல் இல்லாத சந்திப்புக்கு. பிரதான சாலையில் வருபவருக்கே முதலில் வழி. 100-ல் வரும் கார் ஒரு நொடியில் 28 மீட்டர் கடக்கும். நீங்கள் முழுதாக நின்று, இரண்டு பக்கமும் பார்த்த பிறகே ஏற வேண்டும்.