பக்ஹவுஸ்: வெட்டலாமா, காத்திருக்கலாமா?

"பார்ட்னர் குதிரை கேட்டதும் மாத்திக் கொடுத்துடறேன். ஆனா பல தடவை அதுவே எங்களுக்கு வினையா முடியுது. ஏன்?"

பக்ஹவுஸ் இரண்டு செஸ் போர்டில், இருவர் இருவராக இரண்டு அணி ஆடுவது. நீங்கள் வெட்டிய காய் பார்ட்னர் கைக்குப் போகும், அவர் தன் முறையில் அதைத் தன் போர்டில் இறக்கலாம். பதிலுக்கு நீங்கள் இழக்கும் காய், உங்கள் பார்ட்னருக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் கைக்குத்தானே போகிறது! அதனால் வெட்டுமுன் அந்த போர்டில் யார் முறை என்று எட்டிப் பாருங்கள்.

போன வாரம் எங்களுக்கு நடந்தது. நான் வெள்ளை, பார்ட்னர் கறுப்பு. அவர் போர்டில் வெள்ளை ராஜா h1-இல். ஒட்டி g1-இல் அவர்களுடைய ரூக், முன்னால் g2, h2 பான்கள். f2 காலி, அதற்குக் காவலும் இல்லை. அங்கே ஒரு குதிரை இறங்கினால் மேட். என் போர்டில் g5 பிஷப்பால் f6 குதிரையை வெட்டலாம், ஆனால் g7 பான் என் பிஷப்பைத் திருப்பி வெட்டும். பார்ட்னர் போர்டில் அப்போது வெள்ளையின் முறை. உடனே வெட்டியிருந்தால் அந்த பிஷப்பை e3-இல் இறக்கி f2-ஐக் காத்திருப்பார்கள். கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். வெள்ளை ஏதோ ஒரு பானைத் தள்ளிக் கடிகாரத்தைத் தட்டியதும் வெட்டினேன். அதே மாற்றுதான், அதே காய்கள்தான். பிஷப் அவர்கள் கைக்குப் போனபோது குதிரை f2-இல் இறங்கியிருந்தது.

"ராணியை மாத்தவே கூடாதுன்னு எங்க சீனியர் சொல்றார். சரிதானே?"

பாதி சரி. இரண்டு பக்கமும் ராணி கிடைக்கும், திறந்து கிடக்கும் ராஜாவுக்குத்தான் அடி. அது உங்கள் பார்ட்னர் ராஜா என்றால் தொடாதீர்கள். எதிராளி ராஜா என்றால், பார்ட்னர் முறையும் வந்திருந்தால், தாராளமாக மாற்றுங்கள். ஒன்று மட்டும்: தூரத்திலிருந்து ராணி கொடுக்கும் செக்கை நடுவில் ஒரு பானை இறக்கித் தடுத்துவிடலாம். குதிரை செக்கை அப்படித் தடுக்க வழியில்லை. அடைபட்ட ராஜாவுக்குக் குதிரைதான் ஆயுதம். ரூக்கைக் கொடுத்துக்கூடக் குதிரை வாங்குவேன். என் பார்ட்னர் இதை ஒப்புக்கொள்வதில்லை, இன்னும் வாதம் நடக்கிறது.

"வெட்டின காய் எனக்கே வருமே! லிசெஸ்ஸில் அப்படித்தான் ஆடறேன்."

அது கிரேசிஹவுஸ், ஒரே போர்டில் இருவர் ஆடுவது. இங்கே வெட்டியது உங்கள் கையில் தங்காது.

"பார்ட்னர் காய் வரட்டும்னு நகர்த்தாம உட்கார்ந்தே இருந்தார். நேரம் முடிஞ்சு தோத்தோம். தப்பு அவர்மேலதானே?"

அவர் கடிகாரத்தை உங்கள் எதிராளியின் கடிகாரத்தோடு ஒப்பிட வேண்டும். பார்ட்னர் காத்திருப்பது தெரிந்ததும் உங்கள் எதிராளியும் நகர்த்தாமல் உட்கார்ந்துவிடுவார், உங்களால் வெட்டவே முடியாது. யாருக்கு நேரம் அதிகமோ அவர் ஜெயிப்பார். பார்ட்னருக்குக் குறைவாக இருந்திருந்தால் அவர் நகர்த்தியிருக்க வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் உங்கள் போர்டில் உங்கள் முறையாக இருந்து, வெட்டலாமா என்று நீங்கள் யோசித்துக்கொண்டிருந்தால் கதையே வேறு. யார் முறை அப்போது?