தத் த்வம் அஸி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த வாக்கியம் எங்கே வருகிறது? (குன்னூர் வாசகர்)

சாந்தோக்ய உபநிஷத், ஆறாம் அத்தியாயம். 'அது நீ' என்ற பொருளுள்ள இதை உத்தாலகர் தம் மகன் ஸ்வேதகேதுவிடம் 9 முறை சொல்கிறார்.

'நீயே கடவுள்' என்பதுதானே பொருள்? (கோத்தகிரி வாசகர்)

இந்தக் கேள்வி மாதம் தவறாமல் வருகிறது. அத்தியாயத்தைப் படிக்காமல் ஒரு வரியை மட்டும் பிய்த்தெடுப்பதால் வரும் வினை இது. ஸ்வேதகேது 12 வயதில் குருகுலம் போய், 24 வயதில் எல்லாம் தெரிந்த கர்வத்தோடு திரும்பியவன். அந்தக் கர்வத்தைக் கரைக்கத்தான் அப்பா பேச ஆரம்பிக்கிறார். அவனைப் பார்த்து 'நீ பெரியவன்' என்று சொல்வதற்கா இவ்வளவு பாடு?

உப்புப் பாடத்தைப் பாருங்கள். இரவில் தண்ணீரில் உப்பைப் போடச் சொல்கிறார். காலையில் 'அந்த உப்பை எடுத்து வா' என்கிறார். தேடினால் கிடைக்கவில்லை. மேலிருந்து, நடுவிலிருந்து, அடியிலிருந்து குடித்துப் பார்க்கச் சொல்கிறார். எங்கும் கரிக்கிறது. அதுபோல 'சத்' எனும் மூல உள்பொருள் இங்கேயே இருக்கிறது, நீதான் காணவில்லை என்கிறார். அப்புறம்தான் அந்த வரி: இந்த நுண்பொருளே அனைத்துக்கும் ஆத்மா, அதுவே உண்மை, அது நீ. 'அது' என்பது எல்லாவற்றிலும் ஊடுருவிய மூலம். கடைசி மூன்று சொற்களை மட்டும் மாட்டி வைத்தால், 'நீ' மிஞ்சும், 'அது' காணாமல் போகும். முன் வரியோடு சேர்த்துப் படியுங்கள்.

சங்கரர், ராமானுஜர் எங்கே பிரிகிறார்கள்? (கூடலூர் வாசகர்)

'அன்று பார்த்த தேவதத்தன்தான் இவன்' என்றால் அன்றைய ஊரையும் இன்றைய இடத்தையும் தள்ளிவிட்டு ஆளை மட்டும் கொள்கிறோம். அதேபோல ஈசனின் எல்லாம் அறியும் தன்மையையும் ஜீவனின் சிற்றறிவையும் தள்ளினால் மிஞ்சும் சைதன்யம், அதாவது தூய உணர்வு, ஒன்றே என்பது சங்கரர் வழி அத்வைதிகளின் வாதம். எதையும் தள்ள வேண்டாம் என்கிறார் ராமானுஜர். ஜீவன் பிரம்மத்துக்கு உடல். உடலைக் குறிக்கும் சொல் உள்ளிருப்பவர் வரை போகும். ஆகவே 'நீ' என்ற சொல், உன்னை உடலாகக் கொண்ட பிரம்மத்தையே குறிக்கிறது. இரண்டையும் கலந்து, 'எல்லாம் ஒன்றுதான்' என்று சொல்லிவிடாதீர்கள்.

மத்வர் பாடத்தையே மாற்றிவிட்டாராமே? (கொடைக்கானல் வாசகர்)

எழுத்தை மாற்றவில்லை. சமஸ்கிருத மூலத்தில் இதற்கு முன்னால் நிற்கும் 'ஆத்மா' என்ற சொல்லோடு சேர்த்து ஒலிக்கும்போது 'தத்', 'அதத்' இரண்டும் ஒரே மாதிரிதான் வரும். அவர் 'அதத்' என்று பிரித்து, 'நீ அது அல்ல' என்று கொண்டார். கயிற்றில் கட்டிய பறவை எங்கெங்கோ பறந்து கடைசியில் கட்டிய இடத்துக்கே வருகிறதே, பறவையும் அந்த இடமும் இரண்டல்லவா என்று கேட்பார்கள் அவர் வழியினர். 'அனைத்துக்கும் இதுவே ஆத்மா' என்ற முன் வரியோடு அது எப்படிப் பொருந்தும் என்பது மற்றவர்களின் எதிர்க்கேள்வி. மறுபடியும் முன் வரிதான், கவனித்தீர்களா?

இதே அத்தியாயத்தில் வரும் ஆலம்பழப் பாடத்தைப் பிள்ளைகளுக்குச் செய்துகாட்ட, ஆலம்பழம் உதகையில் கிடைக்கவில்லை. (உதகை வாசகி)

அத்திப்பழம் போதும். பழத்தைப் பிளந்தால் விதை. விதையைப் பிளந்தால் ஒன்றும் தெரியாது. அந்தத் தெரியாததிலிருந்துதான் பெருமரம் நிற்கிறது என்பதைப் பிள்ளைகள் விதையைப் பிளந்த பிறகு சொல்லுங்கள், முன்னால் அல்ல.