பேசிக் 800-ஆ, 1,100-ஆ?

கேள்வி: நான் தென்காசிப் பக்கம் பிளம்பர். துபாய் கம்பெனி ஒன்றில் வேலை வந்திருக்கிறது. சம்பளம் 1,500 திர்ஹாம். அதில் பேசிக் 800, மீதி அலவன்ஸ். தங்குமிடம் கம்பெனியுடையது. ஏஜெண்ட் 1.20 லட்சம் கேட்கிறார். மூணு வட்டிக்கு வாங்கித்தான் கட்ட வேண்டும். எதில் பேரம் பேசலாம்?

பதில்: முதலில் அந்த 1.20 லட்சம். மூணு வட்டி என்றால் வட்டி மட்டுமே மாதம் 3,600 ரூபாய். அசல் அப்படியே நிற்கும். ஆனால், பதிவு பெற்ற ஏஜெண்ட் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு இந்தியச் சட்டம் வைத்திருக்கும் உச்சம் 30,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 35,400. அதற்கு ரசீதும் தர வேண்டும். "மீதி விசா செலவு" என்பார். ஐக்கிய அரபு அமீரகச் சட்டப்படி ஆள் எடுக்கும் செலவைக் கம்பெனி உங்கள் தலையில் கட்டக்கூடாது. எனவே பேங்கில்தான் போடுவேன், ரசீது வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். தொகை அங்கேயே இறங்க வாய்ப்பு உண்டு. அவருடைய லைசென்ஸ் எண் emigrate.gov.in தளத்தில் இல்லை என்றால் பேரமே வேண்டாம், விலகிவிடுங்கள்.

அடுத்தது சம்பளம். 1,500-ஐ 1,700 ஆக்கச் சொன்னால் "வேறு ஆள் இருக்கிறார்" என்பார்கள். மொத்தத்தைத் தொடாமல் பிரிப்பதை மாற்றச் சொல்லுங்கள்: "பேசிக் 1,100, அலவன்ஸ் 400 என்று போடுங்கள் சார்." மாதச் சம்பளம் அதேதான். ஆனால் ஓவர்டைமும் கிராஜுவிட்டியும் பேசிக்கை வைத்துத்தான் கணக்காகும்.

பகல் ஓவர்டைமுக்குப் பேசிக் மணிக்கூலியும் அதில் 25 சதவீதமும் சேர்த்துத் தர வேண்டும். தினம் 2 மணி நேரம், மாதம் 26 நாள் என்று வையுங்கள். பேசிக் 800 என்றால் சுமார் 217 திர்ஹாம். 1,100 என்றால் 298. இரண்டு வருடத்தில் ஏறத்தாழ 1,950 திர்ஹாம் வித்தியாசம். கிராஜுவிட்டி முதல் ஐந்து வருடம் வரை வருடத்துக்கு 21 நாள் பேசிக். அதில் அதே இரண்டு வருடத்துக்கு இன்னொரு 420 திர்ஹாம். கம்பெனிக்கும் இந்தக் கணக்கு தெரியும், அதனால்தான் பேசிக்கை அமுக்கி வைக்கிறார்கள். 1,100-க்கு இறங்கி வராவிட்டால் 1,000-த்தில் முடிக்கப் பாருங்கள்.

இதையெல்லாம் ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன் பேச வேண்டும். அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தின் படிவம் தமிழிலும் உண்டு, கேட்டு வாங்கி, அதில் பேசிக் எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். அங்கே போடும் ஒப்பந்தம் அந்த லெட்டரோடு ஒத்துப்போக வேண்டும் என்பதுதான் விதி. "இப்போதைக்கு விசிட் விசாவில் போங்க, அங்கே போய் மாத்திக்கலாம்" என்று ஏஜெண்ட் சொன்னால், பாஸ்போர்ட்டை அவர் கையில் கொடுக்காதீர்கள். அப்படிப் போனால் இந்தப் பேச்சு எதற்கும் காகிதம் இருக்காது. பணம் கொடுத்த பிறகு தகராறு வந்தால், ரசீதோடு சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.