“எங்கள் பங்கு 14 சதவீதம்தான்” என்கிறார்கள்: இணைப்பை எதிர்க்க வழி உண்டா?

கேள்வி: எங்கள் தொழிற்சாலை மின்னணுப் பாகங்களைச் சுத்தம் செய்ய அதிதூய்மைக் கரைப்பான் ஒன்றை வாங்குகிறது. அதைத் தயாரிப்பவை மூன்றே நிறுவனங்கள். அவற்றில் பெரிய இரண்டும் இப்போது ஒன்றாகப் போகின்றன. நாங்கள் கவலை தெரிவித்ததற்கு, “கரைப்பான் சந்தையில் எங்களுக்கு 8 சதவீதம், அவர்களுக்கு 6 சதவீதம். செறிவுக் குறியீடு 96 புள்ளிதான் உயரும். எந்தப் போட்டி ஆணையமும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது” என்று பதில் வந்தது. இது சரியா? வெறும் வாடிக்கையாளரான நாங்கள் ஆட்சேபிக்க முடியுமா?

பதில்: ஆட்சேபிக்க முடியும். உங்களைப் போன்ற வாடிக்கையாளர் சொல்வதற்குத்தான் இத்தகைய விசாரணைகளில் அதிக மதிப்பு. முதலில் அந்த 96 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

அவர்கள் குறிப்பிடுவது ஹெர்ஃபிண்டால்–ஹிர்ஷ்மன் குறியீட்டை. ஒரு சந்தையில் விற்கும் ஒவ்வொரு நிறுவனத்தின் பங்கையும் சதவீதத்தில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் கிடைக்கும் எண் அது. ஒரே நிறுவனம் முழுச் சந்தையையும் வைத்திருந்தால் 10,000. சம பங்குள்ள பத்து நிறுவனங்கள் இருந்தால் 1,000. வர்க்கப்படுத்துவதால் பெரிய நிறுவனங்களின் கனம் கூடுகிறது. சிறு நிறுவனங்கள் கணக்கில் கரைந்துவிடுகின்றன. தலா 1 சதவீதம் வைத்திருக்கும் பத்து நிறுவனங்களைச் சேர்த்தாலும் விட்டாலும் வித்தியாசம் 10 புள்ளிதான். ஆகவே சிறியவர்களின் பங்கு துல்லியமாகத் தெரியவில்லையே என்று நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

இணைப்பால் குறியீடு எவ்வளவு உயரும் என்பதற்கு இன்னும் குறைந்த தகவலே போதும். இணையும் இருவரின் பங்குகளைப் பெருக்கி இரட்டிப்பாக்கினால் விடை வந்துவிடும். 2 × 8 × 6 = 96. அவர்கள் கணக்கில் பிழை இல்லை. எந்தச் சந்தைக்கு அந்தக் கணக்கைப் போட்டார்கள் என்பதில்தான் வழக்கே இருக்கிறது.

அந்த எண் 100-க்குக் கொஞ்சம் கீழே நிற்பதைக் கவனியுங்கள். அமெரிக்க நீதித் துறையும் கூட்டாட்சி வர்த்தக ஆணையமும் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இணைப்புக்குப் பிறகு குறியீடு 1,800-ஐத் தாண்டி, உயர்வும் 100-ஐத் தாண்டினால், அந்த இணைப்பு போட்டியைக் கணிசமாகக் குறைக்கும் என்ற அனுமானம் எழும். அதை முறியடிக்கும் சுமை இணைபவர்கள் மேல் விழும். 2010 முதல் அதுவரை இந்த எல்லைகள் 2,500, 200 என்று தளர்வாக இருந்தன. ஐரோப்பிய ஆணையத்தின் 2004-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் வேறு விதமாகச் சொல்கிறது: இணைப்புக்குப் பின் குறியீடு 1,000-க்குக் கீழ் இருந்தால் பொதுவாகக் கவலை இல்லை, 1,000-க்கும் 2,000-க்கும் இடையில் என்றால் உயர்வு 250-க்குக் கீழ், 2,000-க்கு மேல் என்றால் 150-க்குக் கீழ் இருக்க வேண்டும். இந்தியாவின் 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தில் இப்படி எண் எதுவும் கிடையாது. பிரிவு 20(4), சந்தைச் செறிவு, புதியவர்கள் நுழையத் தடைகள், வாங்குபவர்களின் எதிர்பலம், விலையை உயர்த்தும் வாய்ப்பு எனக் காரணிகளை அடுக்குகிறது. குறியீடு அவற்றை எடைபோட உதவும் ஒரு கருவி மட்டுமே. எல்லைகள் நாட்டுக்கு நாடு மாறுவதால், அந்த நிறுவனங்கள் எந்த நாட்டு ஆணையத்திடம் அனுமதி கேட்டு விண்ணப்பிக்கின்றன என்பதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் கரைப்பானுக்கு வருவோம். ‘கரைப்பான் சந்தை’ என்று அவர்கள் சொல்வதில் பெயின்ட்டை நீர்க்கச் செய்யும் திரவம், பிசின் தொழிலுக்கானது, சாதாரணத் துப்புரவுக்கானது எல்லாம் சேர்ந்திருக்கும். உங்கள் இயந்திரத்தில் அவற்றை ஊற்ற முடியாது. போட்டிச் சட்டத்தில் சந்தை என்பது வாங்குபவர் மாறிச் செல்லக்கூடிய பொருள்களின் வட்டம். ஒரே பெயரில் விற்பதாலோ ஒரே ரசாயனக் குடும்பத்தைச் சேர்ந்ததாலோ பொருள்கள் ஒரே சந்தைக்குள் வந்துவிடுவதில்லை. இதை அளக்க ஆணையங்கள் வழக்கமாக ஒரு கேள்வியை எழுப்பும். அதிதூய்மைக் கரைப்பான் முழுவதையும் ஒரே கற்பனை நிறுவனம் விற்பதாக வைத்துக்கொண்டு, அது விலையை ஏறத்தாழ 5 சதவீதம் உயர்த்தி அப்படியே வைத்திருந்தால் அதற்கு லாபமா, நஷ்டமா? வாடிக்கையாளர்கள் கூட்டமாகச் சாதாரணக் கரைப்பானுக்கு மாறினால் நஷ்டம். அப்போது சந்தையை அகலமாக்க வேண்டும். பெரும்பாலோர் முணுமுணுத்துக்கொண்டே வாங்கித் தொடர்ந்தால் லாபம். அதிதூய்மைக் கரைப்பானே தனிச் சந்தை.

தனிச் சந்தை என்று நிலைநிறுத்திவிட்டால் கணக்கு தலைகீழாகும். உங்களிடம் சரியான விற்பனை விவரம் இல்லாததால், விளக்கத்துக்காக மூன்று நிறுவனங்களின் பங்கு 45, 35, 20 என்று வைத்துக்கொள்கிறேன். இணைப்புக்கு முன் குறியீடு 2,025 + 1,225 + 400 = 3,650. இணைந்த பிறகு 80-இன் வர்க்கம் 6,400, அதோடு 400, ஆக 6,800. உயர்வு 3,150. 10,000-ஐக் குறியீட்டால் வகுத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும்: முன்பு சம பலமுள்ள 2.7 போட்டியாளர்கள் இருந்ததற்குச் சமமான சந்தை, பின்பு 1.5 பேர் உள்ள சந்தையாகச் சுருங்குகிறது. அதே இரண்டு நிறுவனங்கள், அதே ஒப்பந்தம். எல்லைக்கோட்டை நகர்த்தியதில் 96 என்பது 3,150 ஆகிறது.

அமெரிக்காவில் 1997-இல் ஸ்டேப்பிள்ஸ், ஆபீஸ் டிப்போ என்ற அலுவலகப் பொருள் அங்காடிகள் இணைய முயன்றபோது இதே வாதம்தான் நடந்தது. வட அமெரிக்காவில் விற்கும் அலுவலகப் பொருள்கள் அனைத்திலும் தங்கள் கூட்டுப் பங்கு 5.5 சதவீதம்தான் என்றார்கள் அவர்கள். ஆனால் நீதிமன்றம், இத்தகைய பேரங்காடிகள் வழியாக விற்கும், பயன்படுத்தத் தீர்ந்துபோகும் அலுவலகப் பொருள்களைத் தனிச் சந்தையாக ஏற்றுக்கொண்டது. அந்தச் சந்தையில் குறியீடு சராசரியாக 2,715 புள்ளிகள் உயரும் நிலை இருந்தது. போட்டிப் பேரங்காடி இல்லாத ஊர்களில் ஸ்டேப்பிள்ஸின் விலை, மூன்று பேரங்காடிகள் இருந்த ஊர்களைவிட 13 சதவீதம் அதிகம் என்ற சான்றும் வந்தது. இணைப்புக்கு இடைக்காலத் தடை விழுந்தது. என் பார்வையில் அந்த வழக்கைத் தீர்மானித்தது அந்த விலைச் சான்றுதான். எந்தக் கடைகள் உண்மையில் ஒன்றையொன்று கட்டுப்படுத்துகின்றன என்று அது காட்டியதால்தான், சந்தையின் எல்லை வாய்ச்சொல்லாக இல்லாமல் நிரூபிக்கப்பட்டது.

உங்களிடமும் அதுபோன்ற சான்று இருக்கிறதா என்று தேடுங்கள். மாற்றுக் கரைப்பானை எப்போதாவது சோதித்துப் பார்த்து நிராகரித்திருந்தால் அந்தச் சோதனை அறிக்கை பெரும் மதிப்புள்ளது. உங்கள் வாடிக்கையாளர்கள் தூய்மை அளவை ஒப்பந்தத்திலேயே நிர்ணயித்திருந்தால் அந்தப் பக்கத்தை எடுத்து வையுங்கள். புதிய விற்பனையாளரை ஏற்றுக்கொள்ள எத்தனை மாதம் பிடிக்கிறது, என்னென்ன ஒப்புதல் தேவை என்பதை எழுதுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது பழைய விலைப்புள்ளிகள். ஒரு நிறுவனத்தின் விலையைக் காட்டி மற்றொன்றிடம் குறைத்துப் பேசிய கடிதங்கள் இருந்தால், அந்த இரு நிறுவனங்களும் நேரடிப் போட்டியாளர்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. குறியீட்டுக்கு இந்த நெருக்கம் தெரியாது. 45-க்கும் 35-க்கும் இடையே கடும் போட்டி இருந்தாலும், இருவரும் வேறு வேறு வாடிக்கையாளருக்கு விற்றாலும் அது ஒரே எண்ணைத்தான் காட்டும்.

எதிர்த்தரப்பு சும்மா இருக்காது. மூன்றாவது நிறுவனத்தைக் காட்டி, “விலை உயர்ந்தால் அவர்களிடம் போங்களேன்” என்பார்கள். இது நியாயமான வாதமாக இருக்கவும் கூடும்; அந்த நிறுவனத்தின் ஆலை பாதி காலியாக இருந்தால், 20 சதவீதம் என்ற பங்கு அதன் பலத்தைக் குறைத்தே காட்டும். ஆலை ஏற்கெனவே முழு அளவில் ஓடிக்கொண்டிருந்தால் வாதம் விழுந்துவிடும். நீங்கள் கூடுதல் சரக்கு கேட்டு அவர்கள் கைவிரித்த சம்பவம் இருந்தால் தேதியோடு குறிப்பிடுங்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை: ஆட்சேபம் தயாரிக்கிறேன் என்று உங்கள் போட்டியாளர்களோடு அமர்ந்து, யார் என்ன விலைக்கு விற்கிறோம் என்று பேசிவிடாதீர்கள். அது தனிக் குற்றச்சாட்டாக உங்கள் மேலேயே திரும்பும். ஒவ்வொருவரும் தனித்தனியே மனு கொடுங்கள்.

நேரம் முக்கியம். ஆணையங்களின் முதல்கட்ட ஆய்வு சில வாரங்களில் முடிந்துவிடும். அதற்குள் 96 மட்டுமே மேசையில் இருந்தால் கோப்பு மூடப்படக்கூடும். இந்தியாவில் ஆணையம் விரிவான விசாரணைக்குப் போனால், பாதிக்கப்படக்கூடியவர்களிடம் எழுத்துமூலம் ஆட்சேபம் கேட்கும் வழி பிரிவு 29-இல் உண்டு. அதுவரை காத்திருக்காமல், அறிவிப்பு வந்த உடனேயே ஆணையத்துக்கு எழுதுங்கள். வணிக ரகசியம் உள்ள பக்கங்களைத் தனியாகக் குறித்து, ரகசியமாக வைக்கும்படி கேளுங்கள்.

மனுவில் பரிகாரத்தைப் பற்றியும் சொல்லுங்கள். பெரும்பாலும் இப்படிப்பட்ட இணைப்புகளை முழுவதும் தடுக்காமல், மோதும் பகுதியை விற்கச் சொல்லி அனுமதிப்பதுண்டு. அப்படி 35 சதவீதத்துக்குரிய அதிதூய்மைப் பிரிவை விற்க ஒப்புக்கொண்டால், யாருக்கு விற்கிறார்கள் என்று கேளுங்கள். அதை மூன்றாவது நிறுவனம் வாங்கினால் பங்குகள் 45, 55 ஆகும். குறியீடு 5,050-க்குப் போகும், அதாவது 1,400 புள்ளி உயர்வு. மூன்று விற்பனையாளர்கள் இரண்டாகக் குறைந்த அதே நிலைதான் உங்களுக்கு. இந்தச் சந்தையில் இதுவரை இல்லாத ஒருவர் வாங்கினால் மட்டுமே குறியீடு 3,650-இலேயே நிற்கும். வாங்குபவர் அப்படி வெளியாளாக இருக்க வேண்டும், ஆலையோடு தொழில்நுட்ப உரிமமும் வாடிக்கையாளர் ஒப்பந்தங்களும் அவருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று மனுவிலேயே கேளுங்கள்.