சாட்பாட் நீட்டி முழக்காமல், ஓயாமல் மன்னிப்புக் கேட்காமல் இருக்க எப்படிக் கட்டளை எழுதுவது?

கேள்வி: மொரிஷியஸில் ரோஸ் ஹில்லில் பூஜைப் பொருள் கடை வைத்திருக்கிறோம். வாட்ஸ்அப்பில் வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒரு சாட்பாட் வைத்தோம். எதைக் கேட்டாலும் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஒரு பக்கத்துக்கு எழுதுகிறது. "சுருக்கமாக எழுது, மன்னிப்புக் கேட்காதே" என்று சொல்லியும் மாறவில்லை. எப்படிச் சொன்னால் கேட்கும்?

பதில்:

சுருக்கம் என்றால் எவ்வளவு என்று அந்தக் கட்டளையில் இல்லை. அதனால் அது தனக்குப் பழகிய நீளத்தில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, சுருக்கிவிட்டதாக நிறுத்திக்கொள்கிறது. அந்தப் பழக்கம் பயிற்சியில் வந்தது. ஒரே கேள்விக்கு வந்த இரண்டு பதில்களில் எது நல்லது என்று மனிதர்கள் தேர்ந்தெடுப்பதை வைத்தும், சாட்பாட்டை இயக்கும் இந்த மாடல்களைப் பழக்குகிறார்கள். நீளமாகவும் பணிவாகவும் இருக்கும் பதிலுக்கு அங்கே பெரும்பாலும் அதிக மதிப்பு கிடைக்கிறது. அப்படி ஊறிப்போனதை ஒரு பொதுவான சொல் அசைக்காது. அளவைச் சொல்ல வேண்டும், பதில் எதில் தொடங்கி எங்கே நிற்க வேண்டும் என்றும் சொல்ல வேண்டும்.

அளவை வார்த்தைக் கணக்கில் சொல்லாதீர்கள். மாடல் பதிலைத் துண்டு துண்டாக எழுதிக்கொண்டே போகிறது, எழுதி முடித்து எண்ணிப் பார்ப்பதில்லை. "50 வார்த்தை" என்றால் 40-ம் வரும், 70-ம் வரும். "இரண்டு வாக்கியம்" என்றால் அநேகமாக இரண்டே வரும். உங்கள் கடைக்கு இன்னொரு காரணமும் உண்டு. மொரிஷியஸில் வாடிக்கையாளர்கள் கிரியோலில் எழுதுவார்கள், பிரெஞ்சில் எழுதுவார்கள், ஆங்கிலமும் கலந்து வரும், எப்போதாவது தமிழும் வரும். பிரெஞ்சில் பத்துப் பன்னிரண்டு சொல் பிடிக்கும் விஷயம் தமிழில் ஆறேழு சொல்லில் முடிந்துவிடும். வாக்கியக் கணக்கு எந்த மொழியானாலும் ஏறக்குறைய நிற்கும்.

ஆனால் வாக்கிய எண்ணிக்கையை மட்டும் சொன்னால், காற்புள்ளிகளைப் போட்டு ஒரே வாக்கியத்தில் பத்து விஷயத்தைத் திணிக்கும். அதனால் வாக்கியத்துக்குள் என்ன இருக்க வேண்டும் என்றும் எழுதுங்கள். ஒரு மாதிரி:

```
நீ ரோஸ் ஹில்லில் உள்ள பூஜைப் பொருள் கடையின் உதவியாளர்.
செய்தி வந்த மொழியிலேயே பதில் எழுது.
முதல் வாக்கியம் கேட்ட கேள்விக்கு நேரடி விடை.
மொத்தம் ஒன்று முதல் மூன்று வாக்கியம். பட்டியல் வேண்டாம்.
விலை, நேரம், நிபந்தனை இருந்தால் விடாமல் சொல்.
விடை முடிந்ததும் நிறுத்து.
```

இதை எப்படிப் பயன்படுத்துவது என்று பார்ப்போம். தைப்பூசக் காவடி நெருங்கும்போது ஒருவர் கேட்கிறார்: "காவடிக்கு முந்தின நாள் கடை உண்டா? பால்குடம் வீட்டுக்கு அனுப்புவீர்களா?" இப்போது உங்கள் சாட்பாட் நன்றி சொல்லும், உடனே பதில் சொல்லாததற்கு மன்னிப்புக் கேட்கும், தைப்பூசத்தின் பெருமையைச் சொல்லும், பிறகுதான் கடை நேரத்துக்கு வரும், கடைசியில் "வேறு ஏதாவது உதவி வேண்டுமா" என்று முடிக்கும். மேலே உள்ள கட்டளையோடு வர வேண்டிய பதில் இவ்வளவுதான்: "ஆம், முந்தின நாள் மாலை 4 மணி வரை கடை திறந்திருக்கும். பால்குடம் வீட்டுக்கு அனுப்புவோம், ஆனால் இரண்டு நாள் முன்பே சொல்ல வேண்டும்." நேரமும் நிபந்தனையும் நீங்கள் கொடுத்திருக்கும் கடை விவரத்திலிருந்து வர வேண்டும். அந்த விவரம் கட்டளைக்குள் இல்லையென்றால் என்ன எழுதினாலும் பயனில்லை.

ஐந்தாவது வரியை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள். சுருக்கச் சொன்னால் மாடல் பெரும்பாலும் முதலில் கைவிடுவது "ஆனால்" என்று தொடங்கும் பகுதியைத்தான். "வீட்டுக்கு அனுப்புவோம்" என்று மட்டும் சொல்லி இரண்டு நாள் நிபந்தனையை விட்டுவிட்டால், காவடி எடுப்பவர் காலையில் பால்குடம் இல்லாமல் நிற்பார். நீளமான பதிலை விட அது பெரிய கெடுதல்.

அடுத்தது மன்னிப்பு. "மன்னிப்புக் கேட்காதே" என்பது இரண்டு விதமாகக் கெடும். சில மாடல்கள் அந்தச் சொல்லை மட்டும் தவிர்த்துவிட்டு "வருந்துகிறோம்", "தங்கள் சிரமம் புரிகிறது" என்று அதையே வேறு வேஷத்தில் சொல்லும். சில மாடல்கள் முழுக்கக் கீழ்ப்படிந்து, உடைந்த விளக்கு வந்துசேர்ந்ததாகப் புகார் சொல்பவரிடமும் ஒரு வருத்தச் சொல் இல்லாமல் வறட்டுத்தனமாகப் பேசும். வேண்டாததைத் தடுப்பதை விட, அந்த இடத்தில் என்ன வர வேண்டும் என்று சொல்வதே நன்றாக வேலை செய்யும்:

```
தகவலைத் திருத்தும்போது சரியான தகவலோடு தொடங்கு.
கடையின் தவறால் நஷ்டமோ தாமதமோ வந்திருந்தால் மட்டும்
ஒரே ஒரு முறை வருத்தம் சொல். அடுத்த வாக்கியத்தில்,
கடைக்காரரிடம் தெரிவிப்பதாகச் சொல். பணம் திருப்புவதாக வாக்குக் கொடுக்காதே.
வாடிக்கையாளர் மறுத்தால் கடை விவரத்தை மறுபடி பார்.
அது சரியென்றால் அதையே மரியாதையாகச் சொல்.
```

கடைசி இரண்டு வரிகளுக்காகத்தான் நான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். மன்னிப்புப் பழக்கத்தில் உண்மையான ஆபத்து அங்கேதான். வாடிக்கையாளர் "இல்லையே, போன வருஷம் 6 மணி வரை திறந்திருந்தீர்களே" என்றால், பல மாடல்கள் உடனே "மன்னிக்கவும், நீங்கள் சொல்வது சரி, 6 மணி வரை" என்று மாற்றிவிடும். 4 மணி என்ற சரியான விடை மன்னிப்போடு சேர்ந்து போய்விடும். படிப்பவருக்கு அது பணிவாகத் தெரியும், அவர் 5 மணிக்கு வந்து பூட்டிய கடையைப் பார்ப்பார். அதனால் மன்னிப்பு எத்தனை முறை வருகிறது என்பதோடு, மன்னிப்புக்குப் பின்னால் விடை மாறுகிறதா என்றும் பாருங்கள்.

பதிலின் உச்ச நீளத்தை வைக்கும் `max_tokens` என்ற அமைப்பைக் குறைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அது பதிலைச் சுருக்காது, துணியைக் கத்தரிப்பதுபோல் நடுவில் வெட்டிவிடும். மாடலுக்கு அந்த எல்லை தெரியாது, அது வழக்கம்போல எழுதிக்கொண்டே வரும், எல்லை வந்ததும் பாதி வாக்கியத்தில் நின்றுபோகும். தமிழில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும், ஏனென்றால் அதே விஷயத்துக்குத் தமிழ் எழுத்து ஆங்கிலத்தை விட அதிக டோக்கன், அதாவது மாடல் எழுதும் துண்டுகள், எடுக்கும். செலவு கைமீறாமல் இருக்க அந்த எல்லையைச் சற்று அதிகமாகவே வைத்துக்கொள்ளுங்கள், நீளத்தைக் கட்டளையில் கட்டுப்படுத்துங்கள்.

இந்தக் கட்டளைகளை, ஒவ்வொரு உரையாடலுக்கும் முன்னால் மாடலுக்குப் போகும் நிலையான பகுதியான சிஸ்டம் ப்ராம்ப்ட்டில் போடுங்கள். உரையாடலுக்குள் ஒரு செய்தியாகப் போட்டால், பேச்சு நீள நீள அதன் பிடி தளரும். அதோடு, மாடல் தான் முன்பு எழுதியதையும் பார்த்துத்தான் அடுத்ததை எழுதுகிறது. மேலே நான்கு மன்னிப்பு இருந்தால் ஐந்தாவது வருவது இயல்பு. எனவே கட்டளையை மாற்றியதும் பழைய உரையாடலில் சோதிக்காமல் புதிதாகத் தொடங்கிச் சோதியுங்கள். இல்லையென்றால் நல்ல கட்டளையும் வேலை செய்யாததுபோல் தெரியும்.

இவ்வளவுக்குப் பிறகும் நீட்டினால், இரண்டு மூன்று கேள்வி பதில்களை எடுத்துக்காட்டாகக் கட்டளையின் கீழே சேருங்கள். விதியை விட எடுத்துக்காட்டின் நீளத்தை அது நெருக்கமாகப் பின்பற்றும். ஒன்று சாதாரணக் கேள்வி, ஒன்று நியாயமான புகார், ஒன்று வாடிக்கையாளர் தவறாக மறுத்துப் பேசுவது என்று இருக்கட்டும். மூன்றும் ஒரே கற்பூர விலையைப் பற்றியதாக இருந்தால், சம்பந்தமில்லாத கேள்விக்கும் அந்த விலையைச் சொல்லிவைக்கும், அதனால் வேறு வேறு பொருளாக எடுங்கள்.

சரி, சோதிக்கும்போது கடைக்கு உண்மையில் வந்த பழைய செய்திகளையே போட்டுப் பாருங்கள், கிரியோலில் வந்ததைக் கிரியோலிலேயே. முதல் வாக்கியத்தை மட்டும் தனியாகப் படியுங்கள், விடை அதில் இருக்கிறதா? பிறகு நிபந்தனை ஏதாவது காணாமல் போயிருக்கிறதா என்று கடை விவரத்தோடு ஒப்பிடுங்கள். போயிருந்தால் மூன்று வாக்கியத்தை நான்காக்கிவிடுங்கள்.